ஆரம்பித்த பிறகு வரும் ஆசையும் ஆசைதான்

"டாக்டர், எனக்கு 35 வயது. கோத்தகிரி. திருமணமாகி 11 ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். கணவர் நல்லவர், அவர்மேல் அன்பும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசை எனக்குத் தானாக வருவதே இல்லை. மாதக்கணக்கில் நினைப்பே வராது. அவராக நெருங்கி ஆரம்பித்த பிறகு பிடிக்கிறது, சந்தோஷமாகவே முடிகிறது. மறுநாள் மறுபடியும் ஒன்றும் இல்லை. முதலில் இப்படி இருந்ததில்லை. எனக்குள் ஏதோ பழுதாகிவிட்டதா? இதற்கு மாத்திரை உண்டா?"

பழுது இல்லை. உங்கள் கடிதத்தை முதன்முறை படித்தபோதே அதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. 'ஆரம்பித்த பிறகு பிடிக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவராக நான் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்த மூன்று சொற்களில் பதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதை ஒரு பொருட்டாக எண்ணாமல் போகிற போக்கில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய நிமிடத்தை மட்டும் பார்த்துப் பயந்துபோயிருக்கிறீர்கள்.

குன்னூரில் 18 ஆண்டுகளாகப் பெண்கள் நல மருத்துவராக இருக்கிறேன். வெள்ளைப்படுதல், மாதவிடாய் என்று வேறு காரணம் சொல்லி உள்ளே வந்து, எழுந்து போகும்போது கதவருகில் நின்று இதே கேள்வியைக் கேட்ட பெண்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்கு உடலில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆசை என்றால் இப்படித்தான் வர வேண்டும் என்ற ஒரு தவறான படம் மனதில் பதிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் படம் இதுதான். சும்மா இருக்கும்போது, துணி மடிக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ, உள்ளிருந்து ஒரு வேட்கை கிளம்ப வேண்டும். அதன்பின் துணையைத் தேட வேண்டும். அதன்பின் உடல் தயாராக வேண்டும். அதாவது பசி எடுத்த பிறகுதான் இலை போட வேண்டும். இந்த வரிசையில் ஆசை வருகிறவர்கள் உண்டு. இதைத் தானாக எழும் ஆசை என்கிறோம். இன்னொரு வரிசையும் உண்டு. தொடக்கத்தில் மனம் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும்; வேண்டும் என்றும் இராது, வேண்டாம் என்றும் இராது. துணையின் அருகாமை, பேச்சு, தொடுதல் இவற்றுக்கு உடல் மெல்ல இணங்கும். உடல் இணங்கிய பிறகு மனம் 'ஆமாம், இது வேண்டும்' என்று சொல்லும். இது மறுமொழியாக எழும் ஆசை. பசியில்லாமல் உட்கார்ந்து, முதல் கவளத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டு எழுந்த நாட்கள் நம் எல்லாருக்கும் உண்டு. அன்று சாப்பிட்டது பொய்ச் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை.

முதல் வரிசை மட்டுமே சரி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் துறைக்கே பங்கு இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜினியா ஜான்சன் என்ற இருவர், மனித உடல் உறவின்போது என்னென்ன மாற்றம் அடைகிறது என்பதை ஆய்வகத்தில் அளந்து வெளியிட்டார்கள். கிளர்ச்சி, அதன் உயர்நிலை, உச்சம், தணிவு என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். அதில் ஆசை என்ற கட்டமே இல்லை. ஆய்வுக்கு அவர்கள் சேர்த்துக்கொண்டதே உச்சம் அடையும் பழக்கம் உள்ளவர்களை, அதுவும் விருப்பத்தோடு வந்தவர்களை. ஆகவே ஆசையில்லாமல் ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

பிறகு 1970களின் இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹெலன் சிங்கர் கப்லான், சிகிச்சை பலிக்காத தம்பதிகளைக் கவனித்து, பலருக்குச் சிக்கல் கிளர்ச்சியில் இல்லை, ஆசையிலேயே இருக்கிறது என்று கண்டார். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அவர் ஆசையைக் கொண்டுபோய் வரிசையின் தொடக்கத்தில் வைத்தார்: ஆசை, கிளர்ச்சி, உச்சம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஆசைக்குறைவு ஒரு நோயாக இடம்பெற்றது. அன்றிலிருந்து, முதலில் ஆசை வராதவர்கள் நோயாளிகளாகத் தெரிய ஆரம்பித்தார்கள். நான் படித்த காலத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டதும் அந்த வரிசைதான்.

கனடாவின் வான்கூவரில் பணிபுரிந்த ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். நீண்ட நாள் ஒன்றாக வாழும் பெண்களில் பலர் வேட்கையோடு தொடங்குவதில்லை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அவர்கள் தொடங்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கும்: கணவரோடு நெருக்கமாக இருக்க வேண்டும், நாள் முழுதும் பேசவே முடியவில்லை, போன முறை நன்றாக இருந்தது. அந்தச் சம்மதத்தோடு தொடங்கி, தூண்டலும் சூழலும் சரியாக இருந்தால் கிளர்ச்சி வரும். கிளர்ச்சியின் கூடவோ அதற்குப் பின்னாலோ ஆசை வரும். முடிவு நிறைவாக இருந்தால் அடுத்த முறை சம்மதிப்பது எளிதாகும். நேர்கோடாக வரைந்த படத்தை அவர் வட்டமாக வரைந்தார். 2013இல் அந்த நோய்க் கையேடும் திருத்தப்பட்டது. பெண்களின் ஆசைக்குறைவையும் கிளர்ச்சிக்குறைவையும் ஒரே தலைப்பில் சேர்த்தார்கள். தானாக நினைப்பு வராததை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது என்று ஆயிற்று. ஆறு அறிகுறிகளில் குறைந்தது மூன்று, ஏறத்தாழ ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அது அந்தப் பெண்ணுக்கே வேதனை தர வேண்டும். துணைக்கு ஆசை அதிகம், தனக்குக் குறைவு என்பது மட்டும் போதாது என்றும் எழுதி வைத்தார்கள்.

'முதலில் இப்படி இருந்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை அதிகம் வாட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். திருமணமான புதிதில் தானாக வந்த ஆசை இப்போது எங்கே போயிற்று? நெதர்லாந்தின் எலன் லான், ஸ்டெஃபனி போத் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள், எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது. எந்த ஆசையும் வெற்றிடத்திலிருந்து கிளம்புவதில்லை, எல்லா ஆசையும் ஏதோ ஒரு தூண்டலுக்கு மறுமொழிதான் என்பது அவர்கள் வாதம். தூண்டல் கண்ணுக்குத் தெரியாதபோது தானாக வந்தது என்று நினைக்கிறோம். புதுமணத் தம்பதிக்கு வீடெங்கும் தூண்டல். பார்த்துப் பேசிச் சில மாதம்தான் ஆகியிருக்கும். அவர் எத்தனை மணிக்கு வருவார் என்ற காத்திருப்பு, புதுச் சட்டையின் மணம், தனியாக இருக்கும் அறை. இதில் எதையும் யாரும் முயன்று ஏற்பாடு செய்வதில்லை. 11 ஆண்டுகளுக்குப் பிறகு அதே வீட்டில் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் கேஸ் புக்கிங்கும்தான் நினைவில் இருக்கும். உங்கள் உடலின் மறுமொழி சொல்லும் திறன் அப்படியேதான் இருக்கிறது. கேள்வி கேட்பார்தான் குறைந்துவிட்டார்கள்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கின்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சன் என்ற இருவர், பாலுணர்வை நடத்துவது ஒரு விசை அல்ல, இரண்டு என்றார்கள். ஒன்று முடுக்குகிறது, இன்னொன்று தடுக்கிறது. இரண்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். நம் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பர்லியாரிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது கைப்பிரேக்கை விடாமல் எவ்வளவு ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி ஏறாது, எஞ்சின்தான் சூடாகும். ஆசை குறைந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு ஊரார் சொல்லும் வைத்தியமெல்லாம் ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான்: புது நைட்டி, முருங்கைக்கீரை, பாதாம் பால், கைப்பேசியில் வரும் ஏதேதோ குறிப்புகள். நான் பார்த்தவரையில் பெரும்பாலானோருக்குத் தேவைப்பட்டது பிரேக்கிலிருந்து கையை எடுப்பது.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கேத்தி பள்ளத்தாக்குப் பக்கம் கேரட் போடுகிற குடும்பம். அவருக்கு 42 வயது, அவளுக்கு 38. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகள். மாமியாரின் அறைக்கும் இவர்கள் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும். அறுவடை நாட்களில் அவர் நள்ளிரவுக்கு மேல் எழுந்து போய்விடுவார். காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட்டை அதற்குள் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்ட வேண்டும். அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், 'எனக்கு அந்த நரம்பே செத்துப்போய்விட்டது, டாக்டரம்மா.'

நான் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். மூன்று வாரத்துக்கு, அவர்கள் சேர்ந்திருக்கும் நாளில் மட்டும், இரண்டு எண்களை எழுதி வைக்க வேண்டும். தொடங்கும் முன் எவ்வளவு விருப்பம் இருந்தது என்பதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். தொடங்கிக் கால் மணி, இருபது நிமிடம் கழிந்த பிறகு எவ்வளவு இருந்தது என்பதற்கு இன்னொன்று. கடிகாரம் பார்க்க வேண்டாம், மறுநாள் காலை நினைவிலிருந்து எழுதினால் போதும். எந்த நாளில் விருப்பம் ஏறவில்லையோ அன்று அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கணவரிடமும் முன்கூட்டியே சொல்லச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, நாள்காட்டியிலிருந்து கிழித்த நான்கு தாள்களைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். 0, 6. 1, 7. 2, 7. நான்காவது தாளில் 1, 1. மற்ற மூன்றையும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் அந்தக் கடைசித் தாளை விரலால் தள்ளி, 'இதைப் பாருங்கள், நான் சொன்னேனே' என்றாள். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். மாலையில் கூட்டுறவுக் கடன் தவணை விஷயமாக வாக்குவாதம். மாமியார் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தார். கணவர் தண்ணீரில் நின்று கேரட் கழுவிவிட்டு வந்திருந்தார், கை ஐஸ் மாதிரி இருந்ததாம். சொன்னபடி நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தத் தாள்தான் மிக முக்கியமாகப் பட்டது. நரம்பு செத்திருந்தால் நான்கு தாளிலும் 1, 1 என்றுதான் இருந்திருக்கும். மூன்று நாள் ஏறி ஒரு நாள் ஏறாதபோது, அந்த ஒரு நாளில் என்ன இருந்தது என்று தேடலாம். தேடினால் கிடைக்கிறது: கோபம், காது கேட்கும் தூரத்தில் ஒருவர், குளிர்ந்த கை. மூன்றும் பிரேக்.

அவளிடம் இன்னொரு பிரேக் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு சந்திப்பு தேவைப்பட்டது. கணவர் அடுப்படியில் தோளைத் தொட்டால்கூட அவள் விலகிப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டதற்கு, 'இப்போது பேசாமல் நின்றால் ராத்திரிக்குச் சம்மதம் என்று ஆகிவிடும்' என்றாள். எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆசை முதலில் வர வேண்டும் என்று இருவருமே நம்புகிறார்கள். அவளுக்கு ஆசை வரவில்லை. ஆகவே தொடுதல் ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கையாகத் தெரிகிறது. கோரிக்கைக்குப் பயந்து எல்லாத் தொடுதலையும் தவிர்க்கிறாள். மறுமொழியாக ஆசை எழுகிறவளுக்குத் தொடுதல்தான் தொடக்கம். அதையே நிறுத்திவிட்டால் ஆசைக்கு எந்த வழியும் மிஞ்சாது. அவர் பங்குக்கு, இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவுசெய்து நெருங்குவதையே குறைத்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டு இப்படிப் போனால் இருவரும் அண்ணன் தங்கை போல வாழ ஆரம்பித்துவிடுகிறார்கள், அதற்குக் காரணம் அன்பில்லாமை என்று ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டு.

ஆகவே அவர்களுக்கு நான் முதலில் சொன்னது, இரண்டு வாரத்துக்கு உடலுறவே கூடாது என்பது. மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் விவரித்த பயிற்சியிலிருந்து வந்த வழி இது, இன்றும் பாலியல் சிகிச்சையில் பயன்படுகிறது. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், ஒருவர் மற்றவரின் கை, முதுகு, தலை, கால் என்று தொடலாம். மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. எந்த விளைவையும் எதிர்பார்க்கக் கூடாது. எங்கே இதமாக இருக்கிறது, எங்கே கூச்சமாக இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். முடிந்ததும் தூங்கிவிட வேண்டும். அந்த அரை மணிக்குப் பின்னால் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, அடுப்படியில் தோளில் பட்ட கைக்கு அவள் விலகவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் அவளே கேட்டாள், தடையை நீட்டிக்க வேண்டுமா என்று. வேண்டாம் என்றேன்.

நேரத்தையும் மாற்றினார்கள். இரவு பத்து மணிக்கு அவருக்கு விழித்திருக்கத் தெம்பில்லை, அவளுக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மாமியாரும் பிள்ளைகளும் உறவினர் வீட்டுக்குப் போவார்கள். வீடு இரண்டு மணி நேரம் காலியாக இருக்கும். அந்த நேரம் இவர்களுக்கு என்று ஆயிற்று. நாள் குறித்து வைத்துக்கொள்வது செயற்கை இல்லையா என்று அவர் கேட்டார். திருமணத்துக்கு முன் நிச்சயித்த பெண்ணைப் பார்க்கப் போகும்போது பஸ் நேரம் பார்த்துச் சட்டையை இஸ்திரி போட்டுத்தானே போனீர்கள் என்று கேட்டேன். தானாக வந்தது என்று நாம் நினைக்கும் ஆசைக்கும் ஏற்பாடு இருந்திருக்கிறது. கணப்பு மூட்டி அறையைச் சூடாக்கி வைப்பதும் அவர் பொறுப்பானது. கணப்புக் கரியை மூடிய அறையில் வைக்காதீர்கள், மூச்சுமுட்டி உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லி அனுப்பினேன். ஆகவே முன்னறையில் மூட்டி, அதில் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் உள்ளே வருவாராம். இதை அவள் சொன்னபோது சிரித்தாள். என்னிடம் வர ஆரம்பித்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை.

இனி, இது எதுவரை செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். பாஸனின் படம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. 2007இல் செவிலியர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, மாஸ்டர்ஸ்-ஜான்சன், கப்லான், பாஸன் ஆகியோரின் மூன்று படங்களில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று கேட்டார்கள். மூன்றுக்கும் கிட்டத்தட்ட சம அளவில் ஆதரவு இருந்தது. பாஸனின் வட்டத்தைத் தேர்ந்தவர்களில் பாலியல் சிரமம் உள்ளவர்கள் கூடுதலாக இருந்தார்கள். எனவே 'பெண்கள் என்றாலே இப்படித்தான்' என்று பேசுவதும் தவறு. ஒரே பெண்ணுக்கு வெவ்வேறு வயதில், வெவ்வேறு வீட்டில், மாதத்தின் வெவ்வேறு நாளில் இரண்டு விதமாகவும் வரலாம். ஆண்களில் மறுமொழியாக ஆசை எழுகிறவர்கள் உண்டு. அவர்கள் படும் வெட்கம் இதைவிடப் பெரிது, ஏனென்றால் ஆண் என்றால் எப்போதும் தயார் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவர்களும் விறைப்புக் கோளாறு என்று எண்ணி மாத்திரை தேடிப் போகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் உறுதிசெய்துகொள்ள விரும்புவது சில உண்டு. தொடங்கிய பிறகும் எதுவும் எழவில்லை, எந்தச் சூழலிலும் எழவில்லை, ஆறு மாதமாக இப்படி, அது உங்களை வருத்துகிறது என்றால் அது வேறு. அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இருந்தால் ஆசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வலியைப் பார்க்க வேண்டும். வலிக்கும் என்று தெரிந்த இடத்துக்கு எந்த உடலும் விரும்பிப் போகாது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உறுப்பு வறண்டிருக்கும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் அப்படியே. அதற்கு நீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. சின்ன ஊரில் தெரிந்த முகத்திடம் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எழுதிக் கொடுக்கிறேன், சீட்டைக் காட்டி வாங்கலாம். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்துவிடும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு இவையும் ஆசையை மங்கச் செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடாலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளுக்கும் அந்தப் பக்கவிளைவு உண்டு. அப்படி ஏதாவது சாப்பிட்டுவந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், மாற்ற வழி இருக்கிறது. கரு தங்கிவிடுமோ என்ற பயம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பிரேக்தான். நம்பகமான கருத்தடை ஒன்றைத் தேர்ந்தெடுத்த மறுமாதமே மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். ஃபிளிபான்செரின் என்ற மருந்துக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது. தினமும் இரவில் விழுங்க வேண்டும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மாதத்துக்குச் சராசரியாக ஒரு முறைக்கும் குறைவாகவோ ஒரு முறையோதான் நிறைவான உறவு கூடுகிறது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், ரத்த அழுத்தம் குறைதல் ஆகியவை உண்டு. அதுவும் ஆசைக்குறைவு நோய் என்று உறுதியானவர்களுக்கு. தொடங்கிய பிறகு நன்றாகவே மறுமொழி சொல்லும் ஓர் உடலுக்கு நான் அதை எழுத மாட்டேன். வயாகரா வகை மருந்து ரத்த ஓட்டத்துக்கானது, ஆசையோடு அதற்குத் தொடர்பில்லை.

இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்கக்கூடும், மற்றக் கணவர்களும் படிப்பார்கள். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'ஆரம்பித்தால் பிடித்துவிடும்' என்பது மனைவியின் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம். கணவர் அதைச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கக் கூடாது. ஆசை இல்லாமல் தொடங்குவது வேறு, விருப்பமில்லாமல் தொடங்குவது வேறு. முதலாவதில் அவள் மனம் அமைதியாக, திறந்து இருக்கிறது. வேண்டாம் என்றால் எந்த நிமிடமும் நிறுத்தலாம், நிறுத்தினால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாவதில் உடல் விறைக்கிறது, மூச்சு மேலே நிற்கிறது, எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். இப்படி இருபது முறை தாங்கிக்கொண்டவளுக்கு இருபத்தோராவது முறை தொடங்கும் முன்பே வெறுப்பு வந்துவிடும், அந்த வெறுப்பை எந்தச் சிகிச்சையாலும் சீக்கிரம் எடுக்க முடியாது. உடல் ஈரமாவதும் சம்மதம் ஆகாது. உடல் தூண்டலை அடையாளம் கண்டுகொள்வதும் மனம் விரும்புவதும் தனித்தனி. மிரட்டலோ அடியோ இருக்கும் வீட்டில் இந்தப் பதிலில் உள்ள எதையும் பின்பற்ற வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள்.

கேத்திக்காரி இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு ஏதாவது காரணத்துக்காக வருகிறாள். போன முறை கேட்டேன், தானாக நினைப்பு வருகிறதா என்று. யோசித்துவிட்டு, 'சனிக்கிழமை ராத்திரி கொஞ்சம் வருகிறது' என்றாள். மற்ற நாட்களில் இல்லையாம். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை, தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் முதலில் அந்த இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள், மூன்று வாரம் போதும். கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். இப்படிச் சொல்லலாம்: 'உங்களைப் பிடிக்காமல் இல்லை. எனக்கு ஆசை கொஞ்சம் பின்னால்தான் வருகிறது. அது வரும்வரை அவசரப்படாமல் இருங்கள், வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.' ரத்தத்தில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்து ஓராண்டு ஆகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டாவது எண் எந்த நாளிலும் ஏறவில்லை என்றால் தாள்களையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கணவரும் கூட வந்தால் நல்லது.